மருத்துவமனைப் பலகையில் இருப்பதை அத்தைக்குத் தமிழில் எப்படி எழுதித் தருவது?

கேள்வி: மாமனாருக்கு மூச்சுத்திணறல் வந்து 995 கூப்பிட்டு, இங்கே சிங்கப்பூரில் மருத்துவமனையில் சேர்த்தோம். இதயம் பலவீனமாக இருக்கிறதாம். "ஹெச்டி, வார்டு 6பி, பெட் 14" என்று நர்ஸ் ஃபோனில் சொன்னார். சேர்க்கைப் படிவத்தில் "பி1" என்றும் இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து மாமாவோடு வந்திருக்கும் அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். எனக்குக் கைக்குழந்தை, வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார். லாபியில் உள்ள பலகையை அத்தை படம் எடுத்து அனுப்பினார். அகராதி வைத்து எல்லா வரியையும் மொழிபெயர்த்து அனுப்பினேன். அவர் "இதய மையம்" என்று இருந்த 3-ஆம் தளத்துக்குப் போய், அங்கே உங்கள் பெயரே இல்லை என்று சொல்ல, பிறகு வேறு எங்கோ பூட்டிய கதவு வரை அலைந்து, மாமாவைப் பார்க்காமலே அழுதுகொண்டு வந்துவிட்டார். நாளையும் தனியாகத்தான் போக வேண்டும். படத்தையும் என் மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?

பதில்:

உங்கள் தமிழில் பெரிய குறை இல்லை. எந்த வரியை மொழிபெயர்ப்பது என்பதில்தான் சறுக்கியிருக்கிறது. லாபியில் இருக்கும் அந்தப் பலகை முக்கால்வாசி வெளிநோயாளிகளுக்கானது. அப்பாயின்ட்மென்ட் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் போகவேண்டிய இடங்களைத்தான் நோயின் பெயரையோ உறுப்பின் பெயரையோ சொல்லிப் போட்டிருக்கிறார்கள். ஹார்ட் சென்டர், ஐ சென்டர், யூராலஜி எல்லாம் அந்த வகை. படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு அந்தப் பலகையில் இருக்கும் ஒரே முகவரி வார்டு எண்தான். மாமாவுக்கு இதய நோய் என்பதற்காக அவர் ஹார்ட் சென்டரில் இருக்க மாட்டார். வார்டுகளிலும் எப்போதும் நோய்வாரியாகத்தான் ஆட்களைப் போடுவார்கள் என்று சொல்ல முடியாது. கட்டில் எங்கே காலியோ அங்கே போடுவதும் நடக்கும், இதய நோயாளி எலும்பு வார்டில் படுத்திருப்பதும் உண்டு. அதனால் நர்ஸ் சொன்ன "6பி, பெட் 14" என்பதுதான் உங்களுக்குக் கிடைத்த முழு விலாசம். பலகையில் மற்ற இருபது வரிகளும் அத்தைக்கு வேண்டாதவை.

நான் பல வருடங்கள் மருத்துவமனை கவுண்டரில் வேலை பார்த்தவன். ஊரிலிருந்து வரும் பெற்றோர் கையில் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த காகிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீளமான காகிதம் வைத்திருப்பவர்தான் அதிகம் தடுமாறுவார். ஆகவே பலகை முழுவதையும் மொழிபெயர்க்காதீர்கள். போகிற வழியை மட்டும் எழுதுங்கள். ஆனால் அந்த வழியைச் சரியாக எழுத, பலகையை நீங்கள் சரியாகப் படித்தாக வேண்டும். உங்கள் படத்தை வைத்தே அதைச் சொல்கிறேன்.

படம் சாய்ந்த கோணத்தில் எடுத்தது, மேல் பாதியில் விளக்கின் வெளிச்சம் விழுந்து இடது ஓரத்துத் தள எண்கள் மறைந்துவிட்டன. மறைந்த எண்களை நீங்கள் கீழிருந்து வரிசையாக எண்ணி நிரப்பியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, ஏனென்றால் வார்டு 6பி 5-இல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பலகையில் எல்லாத் தளமும் இருக்காது. இயந்திர அறைகளும் ஊழியர் அறைகளும் மட்டும் உள்ள தளத்தைப் பொதுமக்கள் பலகையில் போடாமல் விட்டுவிடுவார்கள். உங்கள் படத்தில் 4-க்கு மேலே இருக்கும் வரி 5 இல்லை, 6. அந்த வரியிலேயே வார்டு 6ஏ, 6பி என்று இருப்பதே சாட்சி. வரிகளை எண்ணித் தளத்தைக் கண்டுபிடிக்கக் கூடாது. எண் மறைந்திருந்தால் அந்த வரியில் இருக்கும் வார்டின் எண்ணைப் பாருங்கள்.

இந்த மருத்துவமனையில் வார்டு எண்ணின் முதல் இலக்கம் தளம், பின்னால் வரும் எழுத்து எந்தப் பக்கம் என்பது. எல்லா இடத்திலும் இப்படி இல்லை. பழைய வளாகங்கள் சிலவற்றில் முதல் இலக்கம் பிளாக்கையும் இரண்டாவது இலக்கம் தளத்தையும் குறிக்கும், அங்கே வார்டு 48 என்றால் நான்காம் பிளாக், எட்டாம் தளம். பலகையைப் பார்த்துச் சரிபார்க்காமல் ஓர் இடத்து வழக்கத்தை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்து தளம், மாடி என்ற குழப்பம். நமக்கு இங்கே பழகிவிட்டது, புளோக் 312, #06 என்றால் ஆறாவது தளம், தரையோடு இருப்பது முதல் தளம். ஊரில் தரையோடு இருப்பது தரைத்தளம், அதற்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி. நீங்கள் "மூன்றாம் மாடி", "ஐந்தாம் மாடி" என்று எழுதியிருக்கிறீர்கள். லிஃப்டில் பொத்தானை அழுத்துகிறவரைக்கும் இதனால் சேதம் இல்லை. எஸ்கலேட்டரில் ஏறினாலோ, யாரிடமாவது "மூணாவது மாடிங்களா?" என்று கேட்டாலோ ஒரு தளம் தப்பிவிடும். அத்தைக்கு எழுதும்போது மாடி என்ற சொல்லையே எடுத்துவிட்டு, "லிஃப்டில் 6 என்ற பொத்தானை அழுத்துங்கள்" என்று எழுதுங்கள்.

படிவத்தில் இருக்கும் "பி1" பற்றி. இதை நீங்கள் கேட்டதே நல்லது. பலகையின் அடியில் பி1 என்று ஒரு வரி இருக்கிறது, அது நிலத்தடித் தளம். உங்கள் படத்தில் அங்கே உணவுக்கடையும் கார் நிறுத்துமிடமும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன. படிவத்தில் இருக்கும் பி1 அது இல்லை. அது வார்டின் வகுப்பு. இங்கே அரசாங்க மருத்துவமனைகளில் ஏ, பி1, பி2, சி என்று வகுப்பு பிரித்திருக்கிறார்கள். அறையில் எத்தனை கட்டில், கட்டணம் எவ்வளவு என்பதற்கான கணக்கு அது. பி1 பொதுவாக நான்கு பேர் இருக்கும் அறை. படிவத்தை அத்தை கையில் கொடுத்து அனுப்பினால், யாரேனும் உதவ வந்தவர் அதைப் பார்த்துக் கீழே கைகாட்டிவிட வாய்ப்பு உண்டு. கீழே போய்க் கதிர்வீச்சுப் பிரிவு வாசலில் நின்றால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. படிவம் வீட்டிலேயே இருக்கட்டும். ஃபோனில் படமாக இருந்தால் போதும்.

இனி "ஹெச்டி". நீங்கள் அதை "உயர் சார்பு நிலைப் பிரிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். அகராதியின்படி குற்றம் சொல்ல முடியாது, ஆனால் அதைப் படிக்கிற யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஹை டிபென்டன்சி என்பது ஐசியு-வுக்கு ஒரு படி கீழே, சாதாரண வார்டுக்கு ஒரு படி மேலே. இதயத்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் மெஷின் இடைவிடாமல் காட்டிக்கொண்டிருக்கும், ஒரு நர்ஸ் கவனிக்கும் ஆட்களின் எண்ணிக்கை சாதாரண வார்டைவிடக் குறைவு. அத்தைக்கு "கூடுதல் கவனிப்பு வார்டு" என்று எழுதுங்கள். கூடவே ஒரு வரி: "மெஷின் அடிக்கடி சத்தம் போடும், கம்பி நகர்ந்தாலும் போடும், நர்ஸ் பார்த்துக்கொள்வார்." இதை "சாதாரண வார்டு" என்று எழுதி ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். உள்ளே போனவுடன் திரையும் கம்பிகளும் கண்ணில் படும், நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்று நினைத்துவிடுவார். "ஆபத்தான நிலை வார்டு" என்பதும் வேண்டாம், அது உண்மையும் இல்லை.

ஒரு சிக்கலைக் கவனியுங்கள். பலகையில் 4-ஆம் தளத்தில் ஐசியு-வோடு சேர்த்து "ஹை டிபென்டன்சி யூனிட்" என்று ஒரு வரி இருக்கிறது. நர்ஸ் சொன்னதோ 6பி. இரண்டும் முரண்பட்டவை அல்ல. தனி ஹெச்டி யூனிட்டும் இருக்கும், சில வார்டுகளுக்குள்ளேயே சில கட்டில்களை ஹெச்டி கட்டில்களாக வைத்திருப்பதும் உண்டு. ஃபோனில் வார்டு எண் சொல்லியிருப்பதால் 6பி-தான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் நாளைக் காலை அத்தை கிளம்புவதற்கு முன் வார்டுக்கு ஃபோன் போட்டு, "இன்னும் 6பி, பெட் 14-தானா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஹெச்டி-யில் இருப்பவரைத் தேறியதும் சாதாரணக் கட்டிலுக்கு மாற்றுவார்கள், இரவில்கூட மாற்றுவார்கள். மாற்றிய உடனே வீட்டுக்குச் சொல்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

பூட்டிய கதவு எப்படி வந்தது என்பதும் உங்கள் படத்திலேயே இருக்கிறது. கட்டடத்துக்கு இரண்டு டவர். நீலப் பட்டை போட்ட பக்கம் கிளினிக் டவர், பச்சைப் பட்டை போட்ட பக்கம் வார்டு டவர். 6பி பச்சையில் இருக்கிறது, அதற்கு லிஃப்ட் லாபி சி. ஹார்ட் சென்டர் நீலத்தில், லிஃப்ட் லாபி ஏ. அத்தை ஏ லிஃப்டில் 3-க்குப் போய்விட்டு, அங்கிருந்து 6பி-யைத் தேடி அதே லிஃப்டில் 6-க்கு ஏறியிருப்பார். அந்தப் பக்கத்து 6 அலுவலகம், ஊழியர் அட்டை இல்லாமல் கதவு திறக்காது. இரண்டு டவரையும் இணைக்கும் பாலம் 2-ஆம் தளத்தில் மட்டும்தான் இருக்கிறது. பலகையில் "லிங்க் பிரிட்ஜ்" என்று இருப்பது அதுதான். நீங்கள் அதை "இணைப்புப் பாலம்" என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எதை எதனோடு இணைக்கிறது என்று இல்லாததால் அவருக்கு அது பயன்படவில்லை.

ஆகவே தளத்தைவிட லிஃப்டின் எழுத்துதான் முக்கியம். தப்பான லிஃப்டில் ஏறிச் சரியான எண்ணை அழுத்தினாலும் மாமா இருக்கும் இடம் வராது. "லிஃப்ட் லாபி" என்பதை "மின்தூக்கி முன்கூடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தை ஊரில் லிஃப்ட் என்றுதானே சொல்வார், அதையே எழுதுங்கள். சி என்ற எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் பெரிதாக வரைந்து காட்டுங்கள், நிலாப் பிறை மாதிரி இருக்கும், படிக்கத் தெரியாவிட்டாலும் கண் பிடித்துக்கொள்ளும். 6-க்குப் பக்கத்தில் வரும் பி-யையும் அப்படியே. லிஃப்ட் லாபி பக்கத்தில் நோயாளிகளைக் கட்டிலோடு கொண்டுபோகும் அகலமான லிஃப்டும் இருக்கும், அதில் ஏறக் கூடாது என்றும் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். அது நேராக ஆப்பரேஷன் தியேட்டர் தளத்துக்குக்கூடப் போய் நிற்கலாம்.

அம்புக்குறிக்கு வருவோம். தலைக்கு மேலே தொங்கும் பலகையில் மேல்நோக்கிய அம்பு இருந்தால் மாடிக்கு ஏறு என்று அர்த்தம் இல்லை, நேராக நட என்று அர்த்தம். படிக்கட்டுப் படமோ லிஃப்ட் படமோ பக்கத்தில் இருந்தால்தான் ஏறுவது. ஊரில் இப்படிப்பட்ட பலகைகளுக்குப் பழகாத பெரியவர்கள் மேல் அம்பைப் பார்த்ததும் படிக்கட்டைத் தேடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பச்சை நிறத்தில் ஓடுகிற மனிதன் படம் இருந்தால் அது தீ விபத்து நேரத்தில் வெளியேறும் வழி. வெளியே போக அதைப் பின்பற்றினால் படிக்கட்டில் மாட்டிக்கொள்வார், உள்ளே போனபின் கதவு திரும்பத் திறக்காமலும் போகலாம்.

உங்கள் மொழிபெயர்ப்பில் இன்னும் சில வரிகளைத் தொட்டுவிட்டுப் போகிறேன். அத்தைக்கு இவை வேண்டாம், உங்களுக்கு வேண்டியிருக்கும்.

"பிசினஸ் ஆபீஸ்" என்பதை "வணிக அலுவலகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே மருத்துவமனையில் அது பில், முன்பணம், சேர்க்கைக் கையெழுத்து எல்லாம் பார்க்கும் இடம். மாமா வெளிநாட்டவர் என்பதால் அரசாங்கச் சலுகை கிடையாது, முன்பணம் பற்றி அங்கிருந்து கேட்பார்கள். அத்தையை அங்கே அனுப்ப வேண்டாம், உங்கள் எண்ணைக் கொடுத்து உங்களிடம் பேசச் சொல்லுங்கள். பில்லைப் பற்றிப் பேச வேண்டுமானால் "மெடிக்கல் சோஷியல் சர்வீசஸ்" என்ற வரியையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதுபோல அது தொண்டு அமைப்பு இல்லை. நோயாளி வீட்டுக்குப் போனபின் யார் பார்த்துக்கொள்வது, செலவை எப்படிச் சமாளிப்பது என்று உட்கார்ந்து பேசும் மருத்துவ சமூக ஊழியர்கள் அங்கே இருப்பார்கள்.

"டயக்னோஸ்டிக் ரேடியாலஜி" என்பதற்குக் "கதிரியக்கவியல்" என்று போட்டிருக்கிறீர்கள், பி1-இல் இருக்கும் "ரேடியேஷன் ஆன்காலஜி"-க்கும் கிட்டத்தட்ட அதே சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் கலந்துவிட்டால் வீட்டில் ஒரு பெரிய கலக்கமே வரும். முதலாவது எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் இடம். மாமாவை ஒருவேளை அங்கே கொண்டுபோவார்கள். இரண்டாவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இடம், மாமாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நர்ஸ் ஃபோனில் "ரேடியாலஜிக்குப் போயிருக்கிறார்" என்று சொன்னால் "ஸ்கேன் எடுக்கப் போயிருக்கிறார்" என்று அத்தையிடம் சொல்லுங்கள், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம்.

"ஆம்புலேட்டரி சர்ஜரி"-க்கும் ஆம்புலன்சுக்கும் தொடர்பில்லை, காலையில் வந்து ஆப்பரேஷன் செய்துகொண்டு அன்றே வீட்டுக்குப் போகிறவர்களின் இடம் அது. "ரிஹேபிலிடேஷன்" என்பதை "மறுவாழ்வு மையம்" என்று எழுதினால் ஊரில் குடியை நிறுத்த வைக்கும் இடம் என்றுதான் நினைப்பார்கள். நடைப்பயிற்சி, கை கால் பயிற்சி கொடுக்கும் இடம் என்று எழுதுங்கள், மாமாவை நாலைந்து நாளில் அங்கே அழைத்துப் போகவும் கூடும்.

இங்குள்ள தமிழ்ப் பலகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில இடங்களில் நான்கு மொழியிலும் பலகை இருக்கும், அத்தை தமிழைக் கண்டதும் நிம்மதியாக அதைப் பிடித்துக்கொள்வார். நம் ஊர்த் தமிழில் மருந்தகம் என்றால் மாத்திரை வாங்கும் கடை. சிங்கப்பூர்த் தமிழில் அது கிளினிக். பாலிகிளினிக்கைப் பலதுறை மருந்தகம் என்றுதான் எழுதுகிறோம், சிறப்பு மருத்துவர்களைப் பார்க்கும் வெளிநோயாளர் பிரிவையும் சிறப்பு வெளிநோயாளர் மருந்தகம் என்கிறோம். டாக்டர் சீட்டைக் கொடுத்து "கீழே போய் மருந்து வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்றால், அத்தை மருந்தகம் என்ற பலகையைப் பார்த்து வரிசையில் நின்றுவிடுவார். உங்கள் படத்தில் மருந்து கொடுக்கும் இடம் 1-ஆம் தளத்தில் "பார்மசி" என்ற வரி. தேவைப்பட்டால் "மாத்திரை கொடுக்கும் கவுண்டர், 1-ஆம் தளம்" என்று மட்டும் எழுதுங்கள். மாமா உள்ளே இருக்கும்வரை மருந்தை வார்டிலேயே கொடுத்துவிடுவார்கள், இது வீடு திரும்பும் நாளுக்குத்தான்.

இப்போது தாளை எழுதலாம். நான் எழுதியிருந்தால் இப்படி இருக்கும். நான் தமிழில் குறித்திருக்கும் வார்டு எழுத்தையும் லிஃப்ட் எழுத்தையும் நீங்கள் தாளில் பலகையில் இருப்பதுபோலவே ஆங்கிலத்தில், கட்டைவிரல் உயரத்துக்கு எழுதுங்கள்.

"அத்தை, மாமா இருக்கும் இடம்: 6பி. கட்டில் எண் 14. கூடுதல் கவனிப்பு வார்டு.

டாக்சி நிற்கும் வாசலிலேயே உள்ளே போங்கள். வலது பக்கம் கவுண்டர் இருக்கும். பாஸ்போர்ட்டையும் இந்தத் தாளையும் காட்டுங்கள். அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள், தொலைக்காமல் வைத்திருங்கள்.

அங்கிருந்து பச்சைப் பட்டை போகும் பக்கம் நேராக நடங்கள். நீலப் பட்டைப் பக்கம் போக வேண்டாம், நேற்று போனது அது. சி என்று எழுதிய லிஃப்ட். கட்டில் போகிற பெரிய லிஃப்ட் வேண்டாம்.

6 அழுத்துங்கள். வெளியே வந்ததும் 6பி என்று இருக்கும் கதவு. பூட்டியிருந்தால் பக்கத்தில் பெல் இருக்கும், அழுத்திவிட்டு நில்லுங்கள். திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

உள்ளே நர்ஸ் மேசையில் தாளைக் காட்டுங்கள், அவர்களே கூட்டிப்போவார்கள். மாமா கட்டிலில் இல்லை என்றால் ஸ்கேனுக்கோ டெஸ்டுக்கோ கூட்டிப்போயிருப்பார்கள். நர்ஸிடம் கேளுங்கள், எனக்கு ஃபோன் போட்டு அவரிடம் கொடுங்கள்.

சாப்பிட, குடிக்க எதுவும் நர்ஸைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், தண்ணீரும்தான்."

கடைசி வரியை நான் காரணமாகத்தான் சேர்த்திருக்கிறேன். இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கும் நீரை அளந்து கொடுப்பது வழக்கம், கட்டிலுக்கு மேலே அதற்கு ஒரு அட்டையும் மாட்டியிருப்பார்கள். அது ஆங்கிலத்தில் இருக்கும். ஃபிளாஸ்கில் ரசமோ காப்பியோ கொண்டுபோகிற அத்தைகளை யாரால் தடுக்க முடியும்? தாளில் இருந்தால் நினைவிருக்கும்.

வாசலும் கவுண்டரும் எந்தப் பக்கம் என்பதை உங்கள் படத்தில் இருக்கும் சிவப்புப் புள்ளியை வைத்து எழுதியிருக்கிறேன். "யூ ஆர் ஹியர்" என்று பக்கத்தில் இருக்கிறதே, அது பலகை நிற்கும் இடம். அத்தை வேறு வாசலில் இறங்கினால் வலது இடது எல்லாம் மாறிவிடும். டாக்சியில் ஏறும்போதே "மெயின் என்ட்ரன்ஸ்" என்று ஓட்டுநரிடம் நீங்கள் ஃபோனில் சொல்லிவிடுங்கள். அவசரசிகிச்சைப் பிரிவின் வாசல் வேண்டாம். ஆம்புலன்சில் போன அன்று அந்த வழியாகத்தான் போயிருப்பீர்கள், அத்தைக்கு அந்த வாசல்தான் நினைவில் இருக்கும், அங்கேயே இறக்கச் சொல்வார்.

தாளின் பின்பக்கம் மாமாவின் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே ஆங்கிலத்தில் எழுதுங்கள். கவுண்டரில் தேடுவது அந்த எழுத்துகளை வைத்துத்தான். ஊரில் கூப்பிடும் பெயரைச் சொன்னால் அப்படி ஒருவர் இல்லை என்பார்கள். பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயரும் சேர்ந்திருந்தால் நர்ஸ்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் கூடும், அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதற்குக் கீழே பிறந்த தேதி, உங்கள் கைப்பேசி எண், "இவருக்குத் தமிழ் மட்டும் தெரியும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழ் பேசும் நர்ஸோ துப்புரவு ஊழியரோ அந்த ஷிப்டில் இருந்தால் கூப்பிட்டுவிடுவார்கள்.

எத்தனை மணிக்கு அனுமதிப்பார்கள், ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், ஹெச்டி கட்டிலுக்கு இன்னும் கறாராக இருக்கும். காலையில் கட்டில் எண்ணைக் கேட்கும் அதே ஃபோனில் இதையும் கேளுங்கள். டாக்டர்கள் சுற்றி வரும் நேரத்தில் போனால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்.

மாமாவை வேறு வார்டுக்கு மாற்றினால் தாளில் நான்கு இடம்தான் மாறும்: வார்டு, கட்டில், லிஃப்ட் எழுத்து, லிஃப்டில் அழுத்தும் எண். புது வார்டு எண்ணைக் கேட்டதும் படத்தில் அது எந்தப் பட்டை நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 8ஏ, 8பி இரண்டும் பச்சைதான், அதே சி லிஃப்ட் போதும். 4-ஆம் தளத்துக்கு மாற்றினால் மட்டும் லாபி பி, அது பலகையின் நடுப் பத்தியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். அப்படி 4-க்கு மாற்றினால் ஏன் என்று டாக்டரிடம் நீங்கள் ஃபோனில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அத்தையிடம் நீங்களே சொன்ன பிறகு புதுத் தாளைக் கொடுங்கள்.